ஞாயிறு சாயங்காலம் 7 மணிக்கு, நீலகிரித் தோட்டக்காரர்களுக்கு வாரம் ஒரு கடிதம்

கேத்தியிலோ தும்மனட்டியிலோ நஞ்சநாட்டிலோ அரை ஏக்கர் கேரட், கால் ஏக்கர் உருளை, மேட்டுப் பக்கம் கொஞ்சம் தேயிலை என்று வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் இந்தக் கடிதம் உங்களுக்குத்தான். சென்னையில் உட்கார்ந்து மொட்டை மாடியில் கீரை வளர்ப்பவர்களும் சேரலாம், தடுக்க மாட்டேன், ஆனால் பாதி விஷயம் உங்களுக்குப் பயன்படாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கிடைக்கப்போவது இதுதான். வருகிற 7 நாளில் தோட்டத்தில் செய்யவேண்டிய ஒரு வேலை, அதை ஏன் இந்த வாரமே செய்யவேண்டும் என்பதற்கான காரணம், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பது. ஒன்றே ஒன்று, பத்து இல்லை. பத்து சொன்னால் நானே செய்ய மாட்டேன். அதோடு மேட்டுப்பாளையம் மண்டியில் அந்த வாரம் கேரட், உருளை, பூண்டு என்ன விலைக்குப் போனது என்று நாலு வரி. படித்து முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம் போதும்.

எப்போது வரும்? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலம் 7 மணிக்கு, உங்கள் மெயிலுக்கு. திங்கள்கிழமை காலையில் ஆள் வருவதற்கு முன்னால் என்ன வேலை கொடுப்பது என்று யோசிக்கிற நேரம் அது, அதனால்தான் ஞாயிறு. டிசம்பர் 1 முதல் பிப்ரவரி 15 வரை மட்டும், உறைபனி விழும் என்று தோன்றுகிற நாளில் மாலை 4 மணிக்கு ஒரே ஒரு வரி கூடுதலாக வரும்: 'இன்றைக்கு ராத்திரி மூடுங்கள்.' அது வேண்டாம் என்றால் சேரும்போதே அந்தக் கட்டத்தில் டிக்கை எடுத்துவிடுங்கள். வருஷத்தில் ஒரு வாரம் கடிதம் வராது, ஹெத்தையம்மன் பண்டிகை வாரம். அன்றைக்கு நான் ஊரில் இருப்பேன், லேப்டாப் வீட்டில் இருக்கும்.

சரி, 'நல்லா இருக்கும்' என்று நானே சொல்லி என்ன பிரயோஜனம். ஜனவரி முதல் வாரத்துக் கடிதத்தில் பெரும் பகுதியை அப்படியே கீழே போடுகிறேன், படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மாதிரிக் கடிதம்: செல்போன் 4 டிகிரி என்கிறது, உருளை ஏன் கருகியது?

போன வருஷம் எனக்கே நடந்தது இது. ராத்திரி படுக்கப் போகும்போது போனில் பார்த்தேன், விடியற்காலை 4 டிகிரி என்று இருந்தது. பூஜ்யத்துக்கு மேலேதானே என்று தூங்கிவிட்டேன். காலையில் மேல் வரப்பிலிருந்து பார்த்தால் ஓடைப் பக்கம் இருந்த கடைசி மூன்று மட்டமும் உப்பைத் தூவியது போல வெள்ளை. அப்போதும் இலை பச்சையாகத்தான் இருந்தது, கையில் தொட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. வெயில் ஏறி 11 மணி ஆனபோது அதே இலை வெந்நீரில் போட்ட கீரை போலத் தொங்கிவிட்டது, சாயங்காலம் பார்த்தால் கறுப்பு. மேலே இருந்த நாலு மட்டத்தில் ஒரு இலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரே தோட்டம், ஒரே விதை, ஒரே நாளில் நட்டது.

போன் பொய் சொல்லவில்லை. அது சொல்வது காற்றின் வெப்பநிலை, வானிலை நிலையங்களில் அதைத் தரையிலிருந்து சுமார் 4 அடி உயரத்தில், நிழலுக்குள் வைத்து அளக்கிறார்கள். உங்கள் உருளைச் செடி இருப்பதோ முழங்காலுக்குக் கீழே. மேகமும் காற்றும் இல்லாத ராத்திரியில் தரை தன் சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிடும், தரையை ஒட்டிய காற்று மேலே இருப்பதைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். மேகம் இருந்தால் அது போர்வை மாதிரி, சூட்டைத் திருப்பி அனுப்பும். அதனால்தான் மூட்டமாக இருக்கிற ராத்திரி எவ்வளவு குளிராகத் தெரிந்தாலும் பனி விழாது, நட்சத்திரம் பளிச்சென்று தெரிகிற ராத்திரிதான் ஆபத்து. நம் வீட்டுப் பெரியவர்கள் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள், அது சும்மா இல்லை.

அடுத்தது, ஏன் கீழ் மட்டம் மட்டும்? குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் போலவே சரிவில் வழிந்து இறங்கி, பள்ளத்தில் தேங்கும். தலைக்குந்தா, காந்தல் பக்கமெல்லாம் வருஷா வருஷம் புல்வெளி வெளுத்து டிவியில் வருகிறதே, அவை தாழ்வான இடங்கள் என்பதைக் கவனியுங்கள். சரிவின் நடுப்பகுதிதான் பெரும்பாலும் தப்பிக்கும். இதில் நாம் செய்கிற ஒரு தப்பு இருக்கிறது: காட்டெருமைக்குப் பயந்து தோட்டத்தின் கீழ் எல்லையில் அடர்த்தியாக வேலி, அதுவும் தகரம் அடித்து, இடைவெளியே இல்லாமல் போட்டுவிடுகிறோம். வழிந்து ஓடைக்குப் போகவேண்டிய குளிர் அங்கே அணை கட்டியது போல நின்றுவிடுகிறது. என் கடைசி மூன்று மட்டமும் சரியாக அந்தத் தகர வேலி உயரத்துக்குத்தான் கருகியிருந்தது! இந்த வருஷம் ஓடைப் பக்கம் மட்டும் தகரத்தைக் கழற்றிவிட்டுக் கம்பி கட்டியிருக்கிறேன்.

இந்த வாரத்து வேலை: உருளைப் பாருக்கு நடுவில் போட்ட வைக்கோலையும் சருகையும் ஒதுக்கிவிட்டு, மதியத்துக்கு முன்னால் மண்ணை நன்றாக நனையுங்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், வைக்கோல் போட்டால் கதகதப்புதானே என்று. மண்ணுக்குக் கதகதப்பு, செடிக்கு இல்லை. பகல் வெயில் மண்ணுக்குள் இறங்குவதையும் வைக்கோல் தடுக்கும், ராத்திரி அந்தச் சூடு மேலே வருவதையும் தடுக்கும், நடுவில் மாட்டிக்கொள்வது இலை. ஈரமான வெற்று மண் பகலில் சூட்டைப் பிடித்துவைத்து ராத்திரி முழுக்க மெதுவாக விடும். காய்ந்து பொலபொலவென்று இருக்கிற மண்ணால் அது முடியாது, அதனால் இந்த வாரம் களை கொத்தவேண்டாம், கொத்தினால் மேல்மண் இன்னும் பொலபொலத்துவிடும்.

ஸ்பிரிங்க்ளர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தண்ணீர் உறையும்போது சூட்டை வெளியே விடுகிறது, ஒரு கிராமுக்கு 80 கலோரி. அந்தச் சூடுதான் இலையைக் காப்பாற்றுகிறது, ஐஸ் இல்லை. ஆனால் அதே தண்ணீர் ஆவியாகும்போது ஏழு மடங்குக்கு மேல் சூட்டை இழுத்துக்கொள்ளும். ஆகவே ஆரம்பித்தால் நிறுத்தக் கூடாது. விடியற்காலை 3 மணிக்கு மோட்டார் போட்டு 5 மணிக்கு கரண்ட் போய்விட்டால், ஒன்றுமே செய்யாமல் விட்டதைவிட மோசமாகப் போகும். வெயில் வந்து ஐஸ் தானாகக் கரைகிறவரை ஓடவேண்டும். காற்று வீசுகிற ராத்திரியில் தொடவே வேண்டாம். இதற்கெல்லாம் தண்ணீரும் கரண்டும் உத்தரவாதம் இல்லாதவர்கள் (நானும்தான்) மூடுவதே மேல்: கோத்தகிரி மிலார் தழையோ சாக்கோ எதுவானாலும் சரி, இருட்டுவதற்குள் மூடி, காலையில் வெள்ளை கரைந்ததும் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் ஷீட் போட்டால் இலையில் ஒட்டக் கூடாது, ஒட்டிய இடமெல்லாம் கருகும்.

கேரட் வைத்திருப்பவர்கள் பயப்படவேண்டியதில்லை, கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. தேயிலை கருகியிருந்தால் அரிவாளை எடுத்துக்கொண்டு உடனே ஓடாதீர்கள். கருகிய கொழுந்து அசிங்கமாகத்தான் இருக்கும், ஆனாலும் அடியில் இருப்பதற்கு அதுவே மூடாக்கு. பனிக்காலம் முடிந்த பிறகு வெட்டலாம்.

ஒரு சின்ன சோதனை: இன்றைக்கு ராத்திரி உங்கள் தோட்டத்தின் மிகத் தாழ்வான இடத்தில், தரையிலேயே, ஒரு எவர்சில்வர் தட்டில் அரை விரல் அளவு தண்ணீர் ஊற்றி வையுங்கள். வீட்டு வாசலில் இன்னொன்று. காலையில் இரண்டையும் பாருங்கள். எந்தப் போனும் சொல்லாததை அந்தத் தட்டு சொல்லும்.

கடிதம் இத்தனைதான். மண்டி விலையை மட்டும் இங்கே வெட்டிவிட்டேன், பழைய விலை யாருக்கு வேண்டும்.

வரப்போகிறவற்றில் சில. 1961இல் ஊட்டிப் பக்கம் கண்டுபிடித்த உருளை முட்டைக்கூடு நூற்புழு இன்னும் ஏன் போகவில்லை, வேரில் குண்டூசித் தலை அளவுக்கு மணி மணியாக இருப்பதை எப்படி நாமே பார்த்துக் கண்டுபிடிப்பது. தேயிலையில் கொப்புள நோய் மூட்டமான நாளில் மட்டும் ஏன் துள்ளுகிறது. சுமார் 4 கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து போட்டால்தான் 1 கிலோ தேயிலைத்தூள் வருகிறது, அந்தக் கணக்கு தெரிந்தால் ஃபேக்டரியில் சொல்லும் விலையை எப்படிச் சரிபார்ப்பது. விதைக்கு வாங்குகிறவர்கள் வெளி மாநிலத்திலிருந்து வந்துவிட்டால் பூண்டு விலை ஏன் எகிறுகிறது, அப்போது யார் விற்கலாம், யார் பொறுக்கலாம்.

இனி வராதவற்றையும் சொல்லவேண்டும். மருந்துக் கம்பெனி விளம்பரம் வராது. 'இந்த ஒரு சொட்டு போதும், மகசூல் இரட்டிப்பு' வகையறா வராது. மருந்து அளவு எழுத மாட்டேன், அதற்கு டப்பாவில் ஒட்டியிருக்கும் லேபிளும் தோட்டக்கலை அலுவலகமும் இருக்கிறது. ஃபார்வர்டு மெசேஜ் வராது. நான் செய்து பார்க்காததைச் செய்யச் சொல்ல மாட்டேன், செய்து கெட்டதையும் மறைக்க மாட்டேன். தகர வேலிக் கதையை நீங்களே படித்துவிட்டீர்களே.

காசு இல்லை. பேர் கேட்கவில்லை, போன் நம்பர் கேட்கவில்லை, மெயில் ஐடி மட்டும். அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன். பிடிக்கவில்லை என்றால் கடிதத்தின் அடியில் 'போதும்' என்று ஒரு பட்டன் இருக்கும், அமுக்கினால் அடுத்த ஞாயிறு வராது, ஏன் போனீர்கள் என்று கேட்டு இன்னொரு மெயிலும் வராது. சந்தேகம் இருந்தால் கடிதத்துக்கே பதில் எழுதுங்கள். நான்தான் படிக்கிறேன், புதன்கிழமைக்குள் பதில் போடுவேன், பறிப்பு நாள் என்றால் வியாழன் ஆகலாம்.

அப்பா அம்மா தோட்டத்தில் இருக்க, நீங்கள் கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ வேலையில் இருந்தால், நீங்கள் சேர்ந்துகொண்டு ஞாயிறு ராத்திரி போனில் அவர்களுக்குப் படித்துக் காட்டலாம். இதை இப்படித்தான் ஒரு அக்கா செய்கிறார். போன வாரம் அவர் அப்பா நடுவில் குறுக்கிட்டு, 'அவன் சொல்றது தப்பு, எங்க பக்கம் மிலார் போட்டா எருமை வந்து இழுத்துடும்' என்றாராம். அதுவும் அடுத்த கடிதத்தில் வருகிறது.

கீழே உள்ள கட்டத்தில் மெயில் ஐடியைப் போட்டு 'கடிதம் வேண்டும்' பட்டனை அமுக்குங்கள். இந்த வாரம் சனிக்கிழமை ராத்திரிக்குள் சேர்ந்தால் ஞாயிறு 7 மணிக்கு வந்துவிடும். வராவிட்டால் ஸ்பேமில் ஒரு தடவை பாருங்கள், முதல் கடிதம் அங்கே போய் ஒளிந்துகொள்வது வழக்கம்.