காப்பீட்டு மின்னஞ்சல்: அனுப்பும் முன் சரிபார்ப்புப் பட்டியல்

கோவை அலுவலகம், ரினீவல் மற்றும் கிளைம் பிரிவுகளுக்கு. ஜூன் 2026 முதல் இதுவே நடைமுறை.

வாடிக்கையாளருக்குப் போகும் எந்த மெயிலிலும் தொகை, தேதி, பாலிசி எண் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் இந்தப் பட்டியலை ஓட்டிப் பார்த்த பிறகுதான் அனுப்ப வேண்டும். "நன்றி, கிடைத்தது" என்று மட்டும் போகும் பதிலுக்கு இது தேவையில்லை. நாம் புரோக்கர், காப்பீட்டு கம்பெனி அல்ல. ஆனால் தகராறு என்று வந்து விஷயம் ஆம்பட்ஸ்மன் வரை போனால், வாடிக்கையாளர் முதலில் எடுத்துக் காட்டுவது நம் மெயிலைத்தான். போனில் சொன்னதை யாரும் நிரூபிக்க முடியாது. மெயில் அப்படியே இருக்கும்.

எழுதிய கையோடு சரிபார்க்க வேண்டாம். வேறு ஒரு வேலையை முடித்துவிட்டு வந்து பாருங்கள். ஒரு பக்கம் பாலிசி அல்லது கோட்டேஷன் பிடிஎஃப், மறுபக்கம் மெயில். நினைவிலிருந்தோ பழைய மெயிலிலிருந்தோ ஒப்பிடுவது சரிபார்ப்பு ஆகாது.

1. தொகைகள்

□ ஒவ்வொரு தொகையும் பிடிஎஃப்பில் உள்ளதுதானா? மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள், கூட்டிப் பாருங்கள். உதாரணம்: ஓடி பிரீமியம் 9,600, என்சிபி 35% கழிவு 3,360, மீதி 6,240. தேர்டு பார்ட்டி 3,416. கூட்டினால் 9,656. ஜிஎஸ்டி 18% 1,738. மொத்தம் 11,394. என்சிபியை மொத்தத் தொகையில் கழித்து எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. கழிவு ஓடிக்கு மட்டும்தான், தேர்டு பார்ட்டிக்கு இல்லை.

□ என்சிபி படி 20, 25, 35, 45, 50. இந்த ஐந்தும் பூஜ்யமும் தவிர வேறு எண் மெயிலில் இருந்தால் அது பிழை. இந்த ஆண்டு ஓடி கிளைம் எடுத்தவருக்குப் போன ஆண்டு மெயிலை நகலெடுத்தால் 35 அப்படியே போய்விடும், ஜாக்கிரதை.

□ ஜிஎஸ்டி. 22 செப்டம்பர் 2025 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. குடும்ப ஃப்ளோட்டருக்கும் இல்லை. வாகன பாலிசிக்கு உண்டு. நிறுவனங்கள் ஊழியர்களுக்கு எடுக்கும் குரூப் மெடிக்கிளைமுக்கும் உண்டு. அந்தத் தேதிக்கு முந்தைய டெம்ப்ளேட் யாரிடமாவது இருந்தால் இன்றே அழித்துவிடுங்கள்.

□ காற்புள்ளி: 5,00,000 என்று எழுதுங்கள். 500,000 என்று எழுதினால் அவசரத்தில் படிப்பவருக்கு 50 லட்சமா 5 லட்சமா என்று குழப்பம் வரும். காப்பீட்டுத் தொகை, ஐடிவி இரண்டையும் எழுத்திலும் எழுதிவிடுங்கள்: "5,00,000 ரூபாய் (ஐந்து லட்சம்)".

□ ஃப்ளோட்டரில் "ஆளுக்கு 5 லட்சம்" என்று பொருள்படும் வாக்கியம் இருக்கிறதா? ஐந்து லட்சம் குடும்பம் முழுவதற்கும் சேர்த்துத்தான்.

2. தேதிகள்

மாதத்தை எண்ணில் எழுத வேண்டாம். 05/06/2026 ஜூன் ஐந்தா, மே ஆறா என்பது பார்ப்பவரின் கம்ப்யூட்டர் எப்படி செட் ஆகியிருக்கிறதோ அதைப் பொறுத்தது. "5 ஜூன் 2026" என்றால் சண்டையே இல்லை. முக்கியமான தேதிக்குக் கிழமையும் சேருங்கள். கிழமை பொருந்தவில்லை என்றால் தேதி தவறு என்று உடனே தெரிந்துவிடும்.

□ முடியும் நேரம். "14-ஆம் தேதி நள்ளிரவு வரை" என்று எழுதினால் 14 தொடங்கும்போதா, முடியும்போதா என்று கேட்பார்கள். "14 ஜூன் 2026, ஞாயிறு, இரவு 11.59 வரை" என்று எழுதுங்கள். ஞாயிறு நமக்கு விடுமுறை. ஆகவே "சனிக்கிழமை மாலைக்குள் பணம் செலுத்திவிடுங்கள்" என்ற வரியும் வேண்டும்.

□ எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறோம்? ஃப்ரீ லுக் 30 நாள் என்பது பாலிசி ஆவணம் வாடிக்கையாளர் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து. பாலிசி வெளியான நாளிலிருந்து எண்ணி "இன்று கடைசி நாள்" என்று எழுதினால் அவருக்குள்ள உரிமையை நாமே சுருக்குகிறோம்.

□ கிரேஸ் பீரியட். ஆயுள், மருத்துவ பாலிசிகளில் மாதத் தவணைக்கு 15 நாள், மற்ற கட்டண முறைகளுக்கு 30 நாள். "ஒரு மாதம்" என்று எழுத வேண்டாம். பிப்ரவரியில் அது 28 ஆகிவிடும். மருத்துவ பாலிசிக்கு இன்னொரு விஷயம்: தவணை முறையில் கட்டுபவருக்கு கிரேஸ் நாட்களிலும் கவர் உண்டு. ஆண்டு பிரீமியத்தை ஒரே தடவையாகக் கட்டுபவர் முடியும் தேதியைத் தாண்டினால், அந்த 30 நாளுக்குள் புதுப்பித்துக்கொள்ளலாம், தொடர்ச்சி போகாது; ஆனால் பணம் கட்டாத இடைப்பட்ட நாட்களுக்குக் கவர் இல்லை. "கிரேஸ் இருக்கு, பயப்படாதீங்க" என்று ஒரே வரியில் முடித்தால் இந்த வித்தியாசம் காணாமல் போய்விடும்.

□ வாகன பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் என்சிபி போய்விடும். 14 ஜூன் 2026-இல் முடிந்தால் கடைசி நாள் 12 செப்டம்பர். மனக்கணக்கில் "செப்டம்பர் 14" என்று போட்டுவிடாதீர்கள். அதோடு, இந்த 90 நாளில் வண்டிக்குக் கவர் இல்லை என்ற வரியும் அதே பத்தியில் இருக்க வேண்டும்.

3. பாலிசி எண்

கையால் தட்டவே வேண்டாம். பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள், பிறகு பின்னாலிருந்து நான்கு நான்காகப் படித்துப் பாருங்கள்.

எக்செல் ஷீட்டிலிருந்து எடுத்தால் தனிக் கவனம் வேண்டும். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் எண்ணாக வைத்துக்கொள்ளாது. 18 இலக்க எண்ணின் கடைசி மூன்றையும் பூஜ்யமாக்கிவிடும். முன்னால் இருக்கும் பூஜ்யத்தையும் விழுங்கிவிடும். `1.23457E+17` என்று தெரிந்தால் அந்த ஷீட்டையே நம்ப வேண்டாம். அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக மாற்றி, எண்களைப் பிடிஎஃப்பிலிருந்து மறுபடி போடுங்கள்.

□ அது பாலிசி எண்தானா? புரபோசல் எண், கஸ்டமர் ஐடி, கிளைம் எண் எல்லாம் அதே பக்கத்தில்தான் இருக்கும். பொதுக் காப்பீட்டில் ரினீவலோடு எண்ணும் மாறுவது வழக்கம் என்பதால் பழைய எண், புதிய எண் எது என்று தெளிவாகப் போடுங்கள்.

□ எழுத்துகள் கலந்த எண்ணில் `O`-வும் `0`-வும், `I`-யும் `1`-ம்.

□ எண், பெயர், வண்டிப் பதிவெண் மூன்றும் ஒரே பாலிசிக்கு உரியவையா? அண்ணன் தம்பி இருவரும் நம்மிடமே பாலிசி வைத்திருக்கும் குடும்பங்களில்தான் இது மாறும்.

4. நாம் கொடுக்க நினைக்காத வாக்குறுதிகள்

எண் தவறினால் திருத்தம் அனுப்பலாம். வாக்கு தவறினால் அப்படி இல்லை. பெரும்பாலும் நல்லெண்ணத்தில்தான் எழுதுகிறோம், ஆறுதலாக ஒரு வார்த்தை என்று. அந்த ஒரு வார்த்தைதான் பின்னால் இடிக்கும். மெயிலில் "கண்டிப்பாக", "நிச்சயம்", "எல்லாம்", "முழுவதும்", "கவலைப்படாதீங்க" என்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். ஏதாவது ஒன்று கிடைத்தால் அந்த வாக்கியத்தை மாற்றி எழுதுங்கள்.

எழுத வேண்டாம்: "கிளைம் கிடைத்துவிடும்."
எழுதுங்கள்: "உங்கள் ஆவணங்களை 3 ஜூன் அன்று கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறோம். பாலிசி விதிகளின்படி முடிவு எடுப்பது அவர்கள். பதில் வந்த அன்றே தெரிவிக்கிறோம்."

எழுத வேண்டாம்: "நாளையிலிருந்து கவர் ஆகிவிடும்."
எழுதுங்கள்: "பிரீமியம் கம்பெனிக்குச் சேர்ந்து, அவர்கள் ஏற்றுக்கொண்ட பிறகே கவர் தொடங்கும். தொடங்கும் தேதியும் நேரமும் பாலிசியில் அச்சாகியிருக்கும்." காப்பீட்டுச் சட்டம் 1938-இன் 64விபி பிரிவு இதைத்தான் சொல்கிறது. பணம் வராமல் ரிஸ்க் இல்லை.

எழுத வேண்டாம்: "பம்பர் டு பம்பர், ஒரு ரூபாய் கூட செலவில்லை."
எழுதுங்கள்: "தேய்மானக் கழிவு இல்லாத ஆட்-ஆன் இருக்கிறது. ஒவ்வொரு கிளைமிலும் கட்டாய டிடக்டிபிள் 1,000 ரூபாய் உங்கள் பொறுப்பு." இது 1500 சிசி வரை உள்ள காருக்கு. அதற்கு மேல் 2,000.

எழுத வேண்டாம்: "ஒரு மணி நேரத்தில் கேஷ்லெஸ் அனுமதி வந்துவிடும்."
ஒரு மணி நேரம் என்பது ஐஆர்டிஏஐ கம்பெனிகளுக்கு வைத்திருக்கும் கெடு. ஆஸ்பத்திரி முழு விவரம் அனுப்பியதா என்பது நம் கையில் இல்லை. "கோரிக்கை போய்விட்டதா என்று ஆஸ்பத்திரி டெஸ்கில் கேட்டுச் சொல்கிறோம்" என்று எழுதுங்கள், கேட்டும் சொல்லுங்கள்.

ஆயுள் பாலிசி விளக்கப் படிவத்தில் 4%, 8% என்று இரண்டு பத்திகள் இருக்கும். இரண்டும் கணக்குக்காக வைத்துக்கொண்ட அனுமானம். 8% பத்தியிலிருந்து ஒரு தொகையை எடுத்து "முதிர்வில் இவ்வளவு கிடைக்கும்" என்று எழுதுவது வாக்குறுதி. தொகை போட்டே ஆக வேண்டும் என்றால் இரண்டையும் போட்டு, உத்தரவாதமானது எது, இல்லாதது எது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். வரி விஷயமும் இப்படித்தான். புதிய வரி முறையில் இருப்பவருக்கு, பழைய வருமான வரிச் சட்டத்தில் 80சி, 80டி என்று இருந்த கழிவுகள் கிடையாது. "வரி மிச்சம்" என்று பொதுவாக எழுத வேண்டாம்.

□ "முதல் பிரீமியத்தில் நாங்க கொஞ்சம் பார்த்துக்கிறோம்" என்ற மாதிரி எதுவும் இருக்கவே கூடாது. காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி ரிபேட் தடை செய்யப்பட்டது; அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகும்.

□ "சர்க்கரை லேசாகத்தானே இருக்கு, ஃபார்மில் போட வேண்டாம்" என்று எழுதினால் அவருடைய கிளைமையும் நம் லைசென்ஸையும் சேர்த்துக் கெடுக்கிறோம். கேட்ட எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம். பாலிசியில் எவ்வளவு என்று பார்த்து அந்த எண்ணை மட்டும் எழுதுங்கள்.

இன்னொன்று, இதை யாரும் கவனிப்பதில்லை. வாடிக்கையாளர் ஐந்து வரி எழுதி, நடுவில் "மழையில் பாலத்தடியில் தண்ணி புகுந்து இஞ்சின் போனாலும் கிடைக்கும்ல?" என்று கேட்டிருப்பார். நாம் ரினீவல் வேலையில் "சரிங்க ஐயா, நன்றி" என்று பதில் போடுவோம். அது அந்தக் கேள்விக்கான ஆமாம் ஆகிவிடுகிறது. இஞ்சின் புரொடெக்ட் ஆட்-ஆன் இல்லாத பாலிசியில் தண்ணீர் உள்ளே போய் இஞ்சின் பழுதானால் பொதுவாகக் கொடுக்க மாட்டார்கள். ஆகவே வந்த மெயிலில் உள்ள ஒவ்வொரு கேள்விக்குறியையும் எண்ணுங்கள், பதிலிலும் அத்தனை பதில் இருக்க வேண்டும். தெரியவில்லை என்றால் "கேட்டு வியாழக்கிழமைக்குள் சொல்கிறோம்" என்று எழுதுங்கள். அப்புறம் அந்த வியாழனை காலண்டரில் போட்டுக்கொள்ளுங்கள்; அதுவும் ஒரு வாக்குதான்.

5. கடைசியாக

□ பெறுநர் முகவரி. முதல் மூன்று எழுத்து தட்டியதும் மெயில் தானாக நிரப்பும் பெயரை நம்ப வேண்டாம்.

□ இணைப்பைத் திறந்து பாருங்கள். பாலிசிக்குப் பதில் இன்னொருவரின் மெடிக்கல் ரிப்போர்ட் போனால் "மன்னிக்கவும்" போதாது.

□ ஆதார் இருந்தால் கடைசி நான்கு எண் மட்டும் தெரிய வேண்டும்.

□ ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட கிளைம், பாலிசி ரத்து, கம்பெனி மறுத்த கிளைம் ஆகிய மூன்றுக்கும் இன்னொருவர் படித்துவிட்டுத்தான் போக வேண்டும். படித்தவர் பெயர் ஃபைலில் இருக்கட்டும்.

தவறு போய்விட்டது என்று தெரிந்தால் மெயிலைத் திரும்பப் பெற முயல வேண்டாம்; அவர் ஏற்கெனவே படித்திருப்பார். அன்றே புதிய மெயில், தலைப்பில் "திருத்தம்" என்று. முதல் வரியில் எது தவறு, சரியானது எது. முதலில் போன மெயிலை யாரும் அழிக்கக் கூடாது. அனுப்பிய கையோடு வாடிக்கையாளருக்கு ஒரு போனும் செய்யுங்கள், குறிப்பாகத் தேதி தவறியிருந்தால்.