குறைதீர்க்கும் குழுவின் விசாரணைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு

தொழிற்தகராறுகள் சட்டம் 1947, பிரிவு 9சி-யின்படி அமைந்த ஆறு பேர் கொண்ட குழு, 26.02.2024 அன்று பெறப்பட்ட மனுவை விசாரிக்க 12.03.2024 செவ்வாய்க்கிழமை மாலை 3.00 மணிக்குத் திருப்பூர் ஆலை வளாகத்தில் கூடியது. நிர்வாகத் தரப்பிலும் தொழிலாளர் தரப்பிலும் மும்மூன்று உறுப்பினர்கள் கலந்துகொண்டனர். சுழற்சி முறைப்படி இவ்வாண்டு தொழிலாளர் தரப்பு உறுப்பினர் தலைமை வகித்தார்.

மனுதாரரான பேக்கிங் பிரிவுத் தொழிலாளி, பிப்ரவரி 6, 7, 14, 15 ஆகிய நாட்களில் ஷிப்ட் முடிந்த 5.30 மணிக்கு அவுட் பஞ்ச் வைத்துவிட்டு வேலையைத் தொடருமாறு லைன் சூப்பர்வைசர் சொன்னதாகவும், இரவு 8.30 வரை அட்டைப்பெட்டி கட்டியதாகவும், நாள் கூலி 480 ரூபாய் என்பதால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு இரட்டைக் கூலியாக 1,440 ரூபாய் வர வேண்டும் என்றும் கூறினார். இரண்டு மாலைகளில் டிபன் காசாக 150 ரூபாய் வீதம் பெற்றதை அவரே ஒப்புக்கொண்டார்.

பஞ்ச் பதிவில் நான்கு நாட்களும் 5.30-ஐ ஒட்டியே இருப்பதாகவும், ஓவர்டைம் சீட்டு எதுவும் போடப்படவில்லை என்றும், அப்படியே வேலை நடந்திருந்தாலும் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட பகுதிக்கே இரட்டைக் கூலி பொருந்தும் என்றும், தந்த காசைக் கழிக்க வேண்டும் என்றும் நிர்வாகத் தரப்பு வாதிட்டது. கப்பல் தேதி நெருங்கியதால் 'கொஞ்சம் இருந்து முடித்துக் கொடு' என்று கேட்டது உண்மை, ஆனால் பஞ்ச் வைக்கச் சொல்லவில்லை என்றார் சூப்பர்வைசர்.

பேக்கிங் பதிவேட்டைக் குழு நேரில் பார்த்தது. 6, 7, 14 தேதிகளில் மூடப்பட்ட கடைசிப் பெட்டிகளுக்கு எதிரே இரவு 8.20-ஐ ஒட்டிய நேரங்களும் மனுதாரரின் சுருக்கொப்பமும் உள்ளன. 15-ஆம் தேதிக்கு வேறொருவரின் ஒப்பமே உள்ளது. ஆகவே முதல் மூன்று மாலைகளும் நிரூபணமாயின என்றும், பஞ்ச் பதிவு மட்டும் வேலை நேரத்தைத் தீர்மானிக்காது என்றும் குழு முடிவு செய்தது. பஞ்ச் வைக்கச் சொன்னது யார் என்பதற்குச் சாட்சி இல்லாததால் அது குறித்துக் கருத்துக் கூறவில்லை.

தொழிற்சாலைகள் சட்டம் பிரிவு 59, நாளுக்கு ஒன்பது மணி அல்லது வாரத்துக்கு 48 மணி நேரம் ஆகிய இரண்டில் எதை மீறினாலும் இரட்டைக் கூலி என்கிறது. 6, 7 அடங்கிய வாரத்தில் மனுதாரர் ஆறு நாட்களும் எட்டு மணி நேர முழு ஷிப்ட் பார்த்திருப்பதால் ஆறு மணி நேரமும் இரட்டைக் கணக்கில் வரும்: 720 ரூபாய். அடுத்த வாரம் 12-ஆம் தேதி விடுப்பு எடுத்ததால் 48 மணி நேரம் நிரம்பவில்லை. ஆகவே 14-ஆம் தேதியின் முதல் மணிக்கு 60, எஞ்சிய இரண்டு மணிக்கு 240. மொத்தம் 1,020 ரூபாயை மார்ச் மாதச் சம்பளத்துடன் வழங்கப் பரிந்துரைக்கப்படுகிறது. டிபன் காசு கூலியாகாது. அதைக் கழிக்கக் கூடாது.

பதிவேட்டை வைத்திருப்பது நிர்வாகமே என்பதால் 15-ஆம் தேதியின் ஐயப்பாடும் மனுதாரருக்கே சாதகமாக வேண்டும் என்ற ஒரு தொழிலாளர் உறுப்பினரின் மாறுபட்ட கருத்து பதிவு செய்யப்பட்டது. குழுவின் முடிவில் திருப்தியில்லாத தொழிலாளி நிர்வாகத்திடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதும், நிர்வாகம் ஒரு மாதத்துக்குள் அதன்மீது முடிவெடுத்துத் தெரிவிக்க வேண்டும் என்பதும் மனுதாரருக்கு வாசித்துக் காட்டப்பட்டன. கூட்டம் 4.40 மணிக்கு முடிந்தது. இரு தரப்பினரும் நகல் பெற்றுக் கையொப்பமிட்டனர்.