விசா மறுப்புத் தீர்மானத்துக்கு எதிரான ஆட்சேபனை

கரவெட்டி,
யாழ்ப்பாணம், இலங்கை.
2025 ஜூன் 30

குடிவரவுக்கான அரச செயலகம்,
பேர்ண், சுவிட்சர்லாந்து.

மதிப்புக்குரிய ஐயா / அம்மணி,

பேர்ண் நகருக்கு அருகில் கோனிஸில் வசிக்கும் என் மகளிடம் சென்று வர நான் கேட்டிருந்த ஷெங்கன் விசா, 2025 ஜூன் 12ஆம் திகதியிட்ட படிவத்தின் மூலம் மறுக்கப்பட்டுள்ளது. அது ஜூன் 16ஆம் திகதி என் கையில் கிடைத்தது. ஆட்சேபனைக்கான 30 நாள் அவகாசத்துக்குள் இதை அனுப்புகிறேன். 200 பிராங்க் கட்டணத்தை மருமகன் செலுத்திவிடுவார். கடிதத்தைத் தமிழில் எழுதி, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்த ஜெர்மன் மொழிபெயர்ப்பையும் இணைத்துள்ளேன்.

படிவத்தில் மூன்று காரணங்கள் குறிக்கப்பட்டுள்ளன. முன்பு கொடுத்த பத்திரங்களைத் திரும்ப அடுக்காமல், ஒவ்வொரு காரணத்துக்கும் கோவையில் இல்லாத புதிய சான்றை முன்வைக்கிறேன்.

முதற் காரணம், பயணத்தின் நோக்கமும் தங்கும் நிபந்தனைகளும் நிரூபிக்கப்படவில்லை என்பது.

மகள் அனுப்பிய அழைப்புக் கடிதத்தில் "அம்மா எங்களைப் பார்க்க வருகிறார்" என்ற ஒரு வரிதான் இருந்தது. உண்மையில் நான் போவது அவளுடைய பேறுகாலத்துக்கு. அவளது மகப்பேற்று மருத்துவர் தந்த சான்றிதழ் இணைப்பு 1. பிரசவத் திகதி செப்டெம்பர் 18 என்று அதில் உள்ளது. மருமகன் இரவு முறையில் வேலை செய்வதை அவருடைய தொழில் வழங்குநரின் கடிதம் காட்டும் (இணைப்பு 2). வீட்டில் நான்கு வயதுப் பேரன் இருக்கிறான். அவன் 2021இல் பிறந்தபோது கொரோனாவால் என்னால் போக முடியவில்லை.

ஏன் இவ்வளவு நாட்கள் என்ற கேள்வி எழலாம். எங்கள் வழக்கத்தில் பிள்ளை பிறந்து 31ஆம் நாள் துடக்குக் கழிப்போம். அதுவரை தாய்க்குப் பத்தியச் சாப்பாடு, சரக்குக் கறி, பிள்ளையைக் குளிப்பாட்டுவது எல்லாம் பெற்ற தாயின் பொறுப்பு. குறித்த நாளில் பிறந்தால் துடக்குக் கழிவு ஒக்டோபர் 19 அளவில் வரும். ஒரு வாரம் பிந்தினாலும் மாதம் முடிவதற்குள் முடிந்துவிடும். ஆகவே முதலில் நவம்பர் 10 வரை கேட்டிருந்ததைக் குறைத்து, செப்டெம்பர் 1 முதல் ஒக்டோபர் 31 வரை 61 நாட்கள் மட்டுமே கேட்கிறேன்.

உறவைப் பற்றியும் ஒரு விளக்கம் தேவை. மகளின் பிறப்புச் சான்றிதழில் என் பெயர் செல்லத்துரை புவனேஸ்வரி. கடவுச்சீட்டில் கணேசலிங்கம் புவனேஸ்வரி. முன்னது தகப்பனார் பெயரோடு, பின்னது கணவர் பெயரோடு. யாழ்ப்பாணத்தில் இதை யாரும் ஒரு பொருட்டாகக் கொள்ளமாட்டார்கள். ஆனால் இரண்டு பத்திரங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அதிகாரிக்கு இருவேறு பெண்களாகத் தோன்றினால் அதில் வியப்பில்லை. இரண்டு பெயர்களையும் இணைக்கும் விவாகப் பதிவுச் சான்றிதழ் இப்போது இணைப்பு 3. அதில் தகப்பனார் பெயரும் கணவர் பெயரும் ஒரே தாளில் இருக்கின்றன.

இரண்டாவது காரணம், தங்கும் காலத்துக்குப் போதிய பண வசதி காட்டப்படவில்லை என்பது.

என் சேமிப்புக் கணக்கில் 2025 ஏப்ரல் 24ஆம் திகதி 18 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் ஒரே தடவையில் விழுந்திருக்கிறது. விண்ணப்பத்துக்காகக் கைமாற்றாக வாங்கிப் போட்ட பணம் என்று சந்தேகம் வரக்கூடிய தொகைதான். அது 2018இல் நான் ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபோது கிடைத்த பணிக்கொடையில் போட்ட நிலையான வைப்பு. முதிர்ந்ததும் எடுத்து, அதே வங்கியிலுள்ள சேமிப்புக் கணக்கில் வரவு வைத்தேன். வைப்பு தொடங்கிய திகதி, முதிர்வுத் திகதி, மாற்றிய தொகை மூன்றையும் உறுதிப்படுத்தி வங்கி முகாமையாளர் தந்த கடிதம் இணைப்பு 4. பணம் இன்றும் அங்கேயே இருக்கிறது என்பதற்கு நேற்று எடுத்த கணக்குக் கூற்று இணைப்பு 5. மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் 58,400 ரூபாயும் அதில் தெரியும்.

இருந்தாலும் என் ரூபாயை மட்டும் நம்பச் சொல்லவில்லை. நான் தங்கப் போவது மகள் வீட்டில். 30,000 பிராங்க் வரையான உத்தரவாதப் பிரகடனத்தில் கையொப்பமிடத் தயார் என்று மருமகன் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருடைய மூன்று மாதச் சம்பளப் பற்றுச்சீட்டுகளும், கடன் அறவீட்டுப் பதிவேட்டில் அவர் பேரில் எதுவும் இல்லை என்ற சான்றிதழும் சேர்த்து இணைப்பு 6. மருத்துவக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையாமல், புதிய திகதிகளுக்கு மாற்றப்பட்டுள்ளது (இணைப்பு 7).

மூன்றாவது காரணம், விசாக் காலம் முடியுமுன் நாடு திரும்புவேன் என்பதில் நியாயமான ஐயம் உண்டு என்பது.

முன்பு காணி உறுதியைக் கொடுத்திருந்தேன். காணி ஓடிப்போகாது, உரிமையாளர் எங்கிருந்தாலும் அது அங்கேயே கிடக்கும் என்று நீங்கள் நினைத்தால் மறுத்துப் பேசமாட்டேன். ஓய்வூதியத்துக்காக ஆண்டுதோறும் கொடுக்கும் உயிர்வாழ் சான்றிதழையும் வெளிநாட்டிலிருந்து கொடுக்க வழியுண்டு. ஆகவே அவற்றை இங்கே பெரிதாக முன்வைக்கவில்லை.

என்னைத் திரும்ப வரவைப்பவர் என் கணவர். அவருக்கு 74 வயது. 2022இல் பாரிசவாதம் வந்து வலது கை வலுவிழந்தது. சட்டைப் பொத்தான் போடுவதிலிருந்து சோறு பிசைந்து கொடுப்பது வரை நான்தான். மாதம் ஒருமுறை பருத்தித்துறை ஆதார வைத்தியசாலைக்குக் கூட்டிப்போகிறேன். கிளினிக் புத்தகத்தின் பிரதி இணைப்பு 8. முதல் விண்ணப்பத்தில் அவர் நோயைப் பற்றி நான் எழுதவேயில்லை. நோயாளியை விட்டுவிட்டுப் போகிறாள் என்று தவறாக நினைப்பார்களோ என்ற தயக்கம்.

நான் இல்லாத நாட்களில் அவரைப் பார்க்க வவுனியாவிலிருந்து என் தங்கை வருகிறாள். அவள் அரச ஊழியர். ஓகஸ்ட் 30 முதல் நவம்பர் 3 வரை அவளுக்குச் சம்பளமற்ற விடுமுறை அங்கீகரிக்கப்பட்ட கடிதம் இணைப்பு 9. நவம்பர் 4ஆம் திகதி அவள் வேலைக்குத் திரும்பியே ஆகவேண்டும். அன்றைக்கு நான் கரவெட்டியில் இல்லாவிட்டால் கணவருக்கு ஒரு வாய் சோறு கொடுக்க வீட்டில் ஆளில்லை. எங்களுக்கு இந்த ஊரில் வேறு பிள்ளைகள் இல்லை என்பதைக் கிராம அலுவலர் உறுதிப்படுத்தி, பிரதேச செயலாளர் மேலொப்பமிட்டிருக்கிறார் (இணைப்பு 10).

தற்போதைய கடவுச்சீட்டில் ஒரு முத்திரையும் இல்லாததால் நான் எங்கும் போகாதவள் என்று தோன்றியிருக்கும். காலாவதியான பழைய கடவுச்சீட்டின் எல்லாப் பக்கங்களும் இணைப்பு 11. 2016இல் சிங்கப்பூர், 2020 ஜனவரியில் பலாலியிலிருந்து சென்னை. இரண்டு தடவையும் அனுமதித்த நாட்களுக்கு முன்னரே திரும்பியதை வருகை, புறப்பாட்டு முத்திரைகளில் பார்க்கலாம்.

இந்தச் சான்றுகளின் அடிப்படையில் மறுப்பை நீக்கி, மேற்சொன்ன 61 நாட்களுக்கு ஒரு தடவை நுழைவு விசா வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எந்தக் காரணத்திலாவது ஐயம் எஞ்சியிருந்தால், முடிவெடுக்குமுன் எந்தப் பத்திரம் வேண்டும் என்று தெரிவியுங்கள். கொழும்புக்கு வந்து நேரில் பதில் சொல்லவும் ஆயத்தமாக இருக்கிறேன். நாடு திரும்பியதும் இலங்கை வருகை முத்திரையுடன் கடவுச்சீட்டைக் கொழும்பில் நேரில் கொண்டுவந்து காட்டவும் சம்மதிக்கிறேன். செப்டெம்பர் நெருங்குவதால், முடிவை ஓகஸ்ட் நடுப்பகுதிக்கு முன் அறியத் தந்தால் தங்கையின் விடுமுறையை மாற்றாமல் இருக்கலாம்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,

கணேசலிங்கம் புவனேஸ்வரி
(ஓய்வுபெற்ற ஆசிரியை)