2025 மே 4 நீட்: பாப்பாவுக்கு செக்லிஸ்ட் (பீரோ கதவுல ஒட்டி வை)

பாப்பா, இதை பிரிண்ட் எடுத்து பீரோ கதவுல ஒட்டிடு, அப்பாவும் ஒரு தடவை படிக்கட்டும், இதுல பாதி வேலை அவரோடது. மார்ச்ல ப்ளஸ் டூ எழுதுன பழக்கத்துல பவுச்சு, ஸ்கேலு, நாலு பேனான்னு தூக்கிட்டு கிளம்பிடாதடி. நீட்டுக்கு அது எதுவுமே கேட்டை தாண்டாது. எதை எடுத்துட்டு போறதுன்றத விட எதை விட்டுட்டு போறதுன்றதுதான் இங்க பெரிய லிஸ்ட்.

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள

☐ ஹால் டிக்கெட். neet.nta.nic.in-ல லாகின் பண்ணி டவுன்லோட் பண்ணது, எல்லா பக்கமும், ஏ4 பேப்பர்ல, கலர் பிரிண்ட். நம்ம தெரு ஜெராக்ஸ் கடைல இங்க் கம்மியா இருந்தா போட்டோ கருப்பா வந்துடும், அப்படி வந்தா காசு போனா போகுதுன்னு வேற கடைல இன்னொன்னு எடு. ரெண்டு செட் எடுத்து ஒன்னு அப்பா பைல இருக்கட்டும்.

☐ பேரு, பிறந்த தேதி, கேட்டகரி, போட்டோ, கையெழுத்து, எக்ஸாம் எழுதுற லாங்குவேஜ் தமிழ்னு இருக்கா, எல்லாத்தையும் விரல் வச்சு படி. தமிழ் போட்டிருந்தா புக்லெட்ல தமிழும் இங்கிலீஷும் ரெண்டுமே இருக்கும். தமிழ்ல ஒரு கேள்வி குழப்பமா இருந்தா பக்கத்துலயே இங்கிலீஷ்ல பாத்துக்கோ, மொழிபெயர்ப்புல சந்தேகம்னு வந்தா இங்கிலீஷ்ல இருக்கறதைத்தான் கடைசியா எடுத்துக்குவாங்க.

☐ மொத பக்கத்துல பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒட்டணும், அப்ளிகேஷன்ல அப்லோட் பண்ணோம்ல அதே போட்டோ. ரெண்டாவது பக்கத்துல போஸ்ட்கார்டு சைஸ், அதாவது 4க்கு 6 இன்ச், வெள்ளை பேக்ரவுண்டு. ஸ்டேப்ளர் அடிக்காத, பசை போட்டு ஒட்டி மேல ஒரு புக்கை வச்சு காய விடு. இது ஞாயித்துக்கிழமை காலைல செய்ற வேலை இல்ல, அன்னைக்கு எந்த ஸ்டூடியோ திறந்திருக்கும்னு தேடிட்டு நிக்க முடியாது.

☐ டிக்ளரேஷன் பகுதியை வீட்லயே நிரப்பு. இடது கை பெருவிரல் ரேகைக்கு ஒரு கட்டம் இருக்கும், இங்க் பேட்ல லேசா தொட்டு வை, அமுக்கி வச்சா கோடே தெரியாம மை அப்பிக்கும். மொதல்ல பழைய நோட்டுல ரெண்டு தடவை வச்சு பாத்துட்டு அப்புறம் ஹால் டிக்கெட்ல வை. கையெழுத்து மட்டும் இப்ப போடாத. இன்விஜிலேட்டர் முன்னாடி போடணும்னு எங்க போட்டிருக்கோ அதை ஹால்லதான் போடணும். அம்மா "எல்லாத்தையும் இப்பவே முடிச்சிடேன்"ன்னு சொல்லுவாங்க, கேக்காத.

☐ அட்டெண்டன்ஸ் ஷீட்ல ஒட்ட இன்னொரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. சேஃப்டிக்கு ரெண்டா வச்சுக்கோ.

☐ ஆதார் ஒரிஜினல். ஜெராக்ஸ், அட்டெஸ்ட் பண்ண ஜெராக்ஸ், அப்பா போன்ல இருக்கற போட்டோ எதுவும் செல்லாது. ஆதார்ல உன் போட்டோ ஆறாங்கிளாஸ் படிக்கும்போது எடுத்தது, அதனால ப்ளஸ் டூ ஹால் டிக்கெட்டையும் (போட்டோ இருக்கறது) கூட எடுத்துக்கோ, அதுவும் ஐடி ப்ரூஃப் லிஸ்ட்ல இருக்கு.

☐ சென்டர் எங்கன்னு சனிக்கிழமையே ஒரு ஆள் போய் பாத்துட்டு வரணும். ஆத்தூர்ல இருந்து சேலம் ஒன்றரை மணி நேரம்தானேன்னு அப்பா அசால்ட்டா இருப்பாரு, ஆனா சேலத்துல ஒரே பேர்ல மெட்ரிக்கும் இருக்கும் சிபிஎஸ்இயும் இருக்கும், மேப்ல பேரை போட்டா வேற கேம்பஸ்ல கொண்டு போய் நிறுத்திடும். ஹால் டிக்கெட்ல இருக்கற முழு அட்ரஸ வச்சு அந்த கேட்டையே கண்ணால பாத்துட்டு வரணும். சித்தப்பா சேலத்துலதான இருக்காரு, அவருகிட்ட சொன்னா பாத்துட்டு வந்துடுவாரு.

பேனா, பென்சில் பத்தி

ஒன்னுமே வேணாம். நெஜமாவே ஒன்னுமே. ஓஎம்ஆர் நிரப்ப கருப்பு பால் பாயிண்ட் பேனா அவங்களே ஹால்ல தருவாங்க, அதுலதான் எழுதணும். உன் ராசி பேனா, தாத்தா பிள்ளையார் கோயில்ல வச்சு எடுத்துட்டு வந்த பேனா எல்லாம் வீட்டோட இருக்கட்டும். பென்சில், ரப்பர், ஸ்கேல், ஜாமெட்ரி பாக்ஸ், பவுச்சு, எழுதுற அட்டை, கால்குலேட்டர், லாக் டேபிள் எதுவும் கிடையாது. ரஃப் வொர்க்குக்கு புக்லெட்லயே இடம் இருக்கும், அங்கதான் போடணும், ஓஎம்ஆர்ல ஒரு புள்ளி கூட கூடாது.

அந்த பேனா உனக்கு பழக்கம் இல்லாததா இருக்கும், அதனால இந்த வாரம் மாக் டெஸ்ட் போடும்போது அஞ்சு ரூபா கருப்பு பால் பேனால வட்டம் நிரப்பி பழகு. உன்னோட ஜெல் பேனா மாதிரி ஓடாது, கொஞ்சம் அழுத்தணும். ஒரு தடவை நிரப்பிட்டா மாத்த முடியாது, அதையும் ஞாபகம் வச்சுக்கோ.

உள்ள போறப்ப கைல இருக்க வேண்டியது இவ்ளோதான்: ஹால் டிக்கெட், எக்ஸ்ட்ரா பாஸ்போர்ட் போட்டோ, ஐடி ஒரிஜினல், ட்ரான்ஸ்பரண்ட் தண்ணி பாட்டில். பாட்டில்ல லேபிள் இருந்தா கிழிச்சிடு. அன்னைக்குத்தான் அக்னி நட்சத்திரமும் ஆரம்பிக்குது, தண்ணி இல்லாம போகாத. ஃபைல், பிளாஸ்டிக் கவர் எல்லாம் கேட்லயே அப்பாகிட்ட குடுத்துட்டு பேப்பரை மட்டும் கைல புடிச்சுக்கோ.

(உன் ஃப்ரெண்டுக்கு சுகர் இருக்குன்னு சொன்னல்ல, அவளை சுகர் மாத்திரையும் முழு பழமும் எடுத்துட்டு போக சொல்லு, அதுக்கு அனுமதி இருக்கு. சாக்லேட், சாண்ட்விச் மாதிரி பேக் பண்ணது விடமாட்டாங்க.)

வெளிய விட்டுட்டு போக வேண்டியது

போன், புளூடூத், இயர்போன், ஸ்மார்ட் வாட்ச், ஹெல்த் பேண்டு எல்லாம் உனக்கே தெரியும். சாதா வாட்சும் கூடாது. பர்ஸ், ஹேண்ட்பேக், பெல்ட், தொப்பி, கூலிங் கிளாஸ், எழுதின அச்சடிச்ச எந்த துண்டு பேப்பரும் கூடாது. பஸ்ல படிக்கன்னு பார்முலா எழுதி சுடிதார் பாக்கெட்ல மடிச்சு வச்சிருப்ப, அதை மறக்காம எடுத்துடு, அதுதான் பெரிய வம்பு. உன் பவர் கண்ணாடிக்கு ஒன்னும் பிரச்சனை இல்ல, போட்டுட்டே போலாம்.

சென்டர்ல பொருளை வாங்கி வைக்க இடம் எதுவும் இருக்காது. அதனால அப்பா உன்னை விட்டுட்டு உடனே டீ குடிக்க போகக்கூடாது. நீ ஃப்ரிஸ்கிங் முடிஞ்சு உள்ள போற வரைக்கும் கேட்டுக்கு எதிர்லயே நிக்கணும், ஏதாவது கழட்டி குடுக்க வேண்டியிருந்தா வாங்க ஆள் வேணும்.

நகை: தோடு, செயின், மோதிரம், வளையல், கொலுசு எல்லாத்தையும் வீட்லயே கழட்டு. மூக்குத்திதான் உனக்கு கஷ்டம், மூணு வருஷமா கழட்டவே இல்ல. கேட்ல நின்னு பதட்டத்துல திருகினா மூக்கு புண்ணாகிடும், அதனால வியாழக்கிழமையே பத்தர்கிட்ட போய் கழட்டிடு. அம்மா கட்டி விட்ட கயித்துல தகடு இருக்குல்ல, அதையும் அவுத்துடு. அம்மா ஒரு மாதிரி முழிப்பாங்க, சாமி ரூம்ல வச்சுட்டு போறேன்னு சொல்லு.

டிரெஸ்: லைட் கலர்ல அரைக்கை சுடிதார் டாப், பெரிய பட்டன், ஜரிகை, மெட்டல் வேலைப்பாடு எதுவும் இல்லாதது. உன்கிட்ட இருக்கற அந்த மங்குன நீல காட்டன் டாப்பே போதும், துவைச்சு துவைச்சு சாஃப்டா இருக்கும். ஷூ கூடாது, சாதா செருப்பு இல்லன்னா ஹீல்ஸ் இல்லாத சாண்டல். தலைக்கு ரப்பர் பேண்டு, மெட்டல் கிளிப்பு வேணாம். இன்னொன்னு, வெளிப்படையாவே சொல்றேன், உள்ள போடறதுலயும் மெட்டல் ஹூக் இல்லாததா பாத்து போடு, மெட்டல் டிடெக்டர் கத்துச்சுன்னா அங்க நின்னு விளக்கம் சொல்ல உனக்கு சங்கடமா இருக்கும். லேடி ஸ்டாஃப்தான் செக் பண்ணுவாங்க, மூடின இடத்துலதான் பண்ணுவாங்க, பயப்படாத. முஸ்லிம் ஃப்ரெண்டு யாராவது ஹிஜாப் போட்டுட்டு வந்தா போடலாம், செக்கிங்குக்கு கூட நேரம் ஆகும்ன்றதால சீக்கிரமா வர சொல்லு.

மருதாணி இந்த வாரம் வைக்காத. பயோமெட்ரிக்ல விரல் ரேகை எடுப்பாங்க, அது சரியா விழலன்னா வீண் டென்ஷன்.

ஞாயித்துக்கிழமை டைம்

ஆறரைக்கு எந்திரி. புதுசா எதையும் படிக்காத. எட்டு மணிக்கு பஸ் ஏறிடணும், பத்து மணிக்குள்ள சேலம். சித்தி வீட்ல பத்தரைக்கு இட்லியோ தயிர்சாதமோ சாப்பிட்டுடு, ஏன்னா உள்ள போனதுக்கு அப்புறம் அஞ்சு மணி வரைக்கும் தண்ணி மட்டும்தான். பூரி, பிரியாணின்னு சித்தி பாசத்தை காட்டுனா அதெல்லாம் ராத்திரிக்கு வை சித்தின்னு சொல்லிடு.

ஹால் டிக்கெட்ல உனக்குன்னு ஒரு ரிப்போர்ட்டிங் டைம் போட்டிருக்கும், அதுக்கே போய் நில்லு. மதியம் 1:30க்கு கேட்டை மூடிடுவாங்க, 1:31க்கு வந்தாலும் உள்ள விடமாட்டாங்க. அழுதாலும் கெஞ்சினாலும் விடமாட்டாங்க, வருஷா வருஷம் நியூஸ்ல பாக்கறோம்ல.

1:30ல இருந்து இன்ஸ்ட்ரக்ஷன் சொல்லி ஹால் டிக்கெட் செக் பண்ணுவாங்க, 1:45க்கு புக்லெட் தருவாங்க, 1:50க்கு விவரம் எழுத சொல்லுவாங்க, சரியா 2 மணிக்கு ஆரம்பம், 5 மணிக்கு முடிவு. இந்த வருஷம் 180 கேள்வியும் கட்டாயம், பழைய மாதிரி செக்ஷன் பி-ல சாய்ஸ் கிடையாது, 180 நிமிஷம். சரியா இருந்தா 4, தப்புன்னா மைனஸ் 1. கேள்வியை பாக்கறதுக்கு முன்னாடி புக்லெட்ல இருக்கற கோட் நம்பரும் ஓஎம்ஆர்ல இருக்கற கோட் நம்பரும் ஒன்னுதானான்னு பாரு. வேற வேறயா இருந்தா உடனே கைய தூக்கி மாத்தி கேளு, வெக்கப்படாத.

பாத்ரூம் 1:30க்கு முன்னாடியே போயிடு. மொத ஒரு மணி நேரமும் கடைசி அரை மணி நேரமும் விடமாட்டாங்க, நடுவுல போனாலும் திரும்பி வரப்ப மறுபடி செக்கிங், நேரம் போயிடும். பீரியட்ஸ் அந்த தேதிக்கு வர மாதிரி இருந்தா முன்னெச்சரிக்கையா பேட் வச்சுட்டே கிளம்பு, செக் பண்ற அக்காகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடு.

டைம் பாக்க வாட்ச் இருக்காதுல்ல, ஹால் சுவர்ல கடிகாரம் உன் சீட்ல இருந்து தெரியுதான்னு உக்காந்ததும் பாத்துக்கோ.

முடிஞ்சதும்

5 மணிக்கு முன்னாடி எந்திரிக்க முடியாது. ஓஎம்ஆர் ஒரிஜினல், ஆஃபீஸ் காப்பி ரெண்டையும் இன்விஜிலேட்டர் கைல குடு, பிரிச்சு ஒன்னை மடிச்சு எடுத்துட்டு வந்துடாத. போஸ்ட்கார்டு போட்டோ ஒட்டின பக்கத்தையும் குடுக்கணும், குடுக்காம வந்தா டிஸ்குவாலிஃபை பண்ற அளவுக்கு போகும். கொஸ்டின் புக்லெட்டை மட்டும் நீ எடுத்துட்டு வரலாம், ஆன்சர் கீ வரும்போது அதுதான் வேணும்.

அப்பா, நீங்க கேட்டுல இருந்து நகராதீங்க, ஒரே நேரத்துல எல்லாரும் வெளிய வருவாங்க, அவகிட்ட போன் இருக்காது. கேட்டுக்கு எதிர்ல எந்த கடை வாசல்ல நிப்பீங்கன்னு காலைலயே அவகிட்ட காட்டிடுங்க. வெளிய வந்ததும் எத்தனை வரும்னு கேக்காதீங்கப்பா, மொதல்ல ஒரு கரும்பு ஜூஸ் வாங்கி குடுங்க, அப்புறம் எனக்கு போன் போடுங்க.