டி.சி. மோட்டாரின் பிளாக் டயகிராமும் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனும்: ஸ்லைடு விளக்கம்

எல்லோரிடமும் ஸ்லைடு பிரிண்ட் இருக்கிறதல்லவா? இன்றைக்கு ஆறு ஸ்லைடுதான். ஆனால் இரண்டாவதிலும் ஆறாவதிலும்தான் அதிக நேரம் செலவழிக்கப் போகிறோம். ஒரே ஒரு மோட்டாரை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதை விடாமல் போவோம். சமன்பாடு எழுதும்போது தனியாகவும் படம் வரையும்போது தனியாகவும் படித்தால் இரண்டும் ஒட்டாது.

ஸ்லைடு 1: அம்புக்குறி என்றால் என்ன

படத்தில் ஒரு பெட்டி, உள்ளே வரும் அம்பு, வெளியே போகும் அம்பு. சர்க்யூட் வரைந்து பழகிய கைக்கு இந்த அம்பு ஒயர் மாதிரித் தெரியும். ஒயர் இல்லை. ஒயரில் மின்னோட்டம் எந்தப் பக்கமும் போகலாம். அம்பு ஒரு பக்கம்தான் போகும். "இது மாறினால் அது மாறும்" என்று மட்டுமே அது சொல்கிறது. வெளியீட்டில் நடப்பது உள்ளீட்டைப் பாதித்தால், அந்தப் பாதிப்புக்குத் தனியாக ஒரு அம்பு வரைந்தே ஆக வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள், இன்றைய பாடம் முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

வட்டம் சம்மிங் பாயிண்ட். அதற்குப் பக்கத்தில் இருக்கும் கூட்டல், கழித்தல் குறியைப் படத்தில் கட்டாயம் போடுங்கள். குறி போடாத வட்டத்துக்கு அர்த்தமே இல்லை. அம்பு கிளை பிரியும் இடம் டேக்-ஆஃப் பாயிண்ட். அங்கே சிக்னல் பாதியாகப் பங்கு பிரியாது. இரண்டு கிளையிலும் முழு சிக்னலே போகும்.

ஸ்லைடு 2: மோட்டாரின் படம்

பெர்மனென்ட் மேக்னெட் டி.சி. மோட்டார். கணக்குக்கு இந்த மதிப்புகள்: ஆர்மேச்சர் ரெசிஸ்டன்ஸ் 2 ஓம், இண்டக்டன்ஸ் 2 மில்லி ஹென்றி, மோட்டார் மாறிலி K = 0.05, ஜடத்துவம் J = 0.0001, உராய்வுக் கெழு B = 0.0001, எல்லாம் எஸ்.ஐ. அலகில். டார்க் மாறிலிக்கும் பேக் ஈ.எம்.எஃப். மாறிலிக்கும் ஒரே K போட்டிருக்கிறேன். எஸ்.ஐ. அலகில் இரண்டும் ஒரே எண்தான்.

நான்கு சமன்பாடுகள். Va நாம் கொடுக்கும் மின்னழுத்தம், Ia ஆர்மேச்சர் மின்னோட்டம், Eb பேக் ஈ.எம்.எஃப்., Tm மோட்டார் டார்க், TL லோடு டார்க், ω சுழலும் வேகம். ஆரம்ப நிலை எல்லாம் பூஜ்யம் என்று வைத்து லாப்லாஸ் எடுத்தால், வகையீடு இருந்த இடத்தில் s வந்து உட்காரும்:

```
Va − Eb = (L s + R) Ia
Tm = K Ia
Tm − TL = (J s + B) ω
Eb = K ω
```

ஒவ்வொரு வரியும் ஒரு பெட்டி, கழித்தல் வரும் இடம் வட்டம். படம் இப்படி வரும்:

```
Va →(+)→[1/(Ls+R)]→ Ia →[K]→ Tm →(+)→[1/(Js+B)]→ ω ─┬→
     −↑                          −↑                   │
      │                           TL                  │
      └──────────────── Eb ←[K]←──────────────────────┘
```

கீழே திரும்பி வரும் பாதையைப் பாருங்கள். நாம் எந்த சென்சாரும் வைக்கவில்லை, கன்ட்ரோலரும் இல்லை. பேட்டரியை நேராக மோட்டாரில் கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான். ஆனாலும் படத்தில் ஒரு ஃபீட்பேக் லூப் இருக்கிறது. சுழலும் ஆர்மேச்சர் தானே ஒரு ஜெனரேட்டர். அது உண்டாக்கும் மின்னழுத்தம் நாம் கொடுக்கும் மின்னழுத்தத்தை எதிர்க்கிறது. இயற்கையே போட்டு வைத்த லூப் இது.

12 வோல்ட் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷாஃப்டைக் கையால் பிடித்து நிறுத்தினால் Eb பூஜ்யம், மின்னோட்டம் 12/2 = 6 ஆம்பியர். கையை எடுத்துவிட்டால் வேகம் ஏறும், Eb-யும் கூடவே ஏறும், மின்னோட்டம் இறங்கும். லோடு இல்லாமல் நிலையான வேகம் 222 ரேடியன்/விநாடி, அதாவது ஏறக்குறைய 2120 ஆர்.பி.எம். அப்போது Eb 11.1 வோல்ட், மிச்சம் இருக்கும் 0.9 வோல்ட் 2 ஓம் வழியாக 0.44 ஆம்பியரைத்தான் ஓட்டுகிறது. லேபில் அம்மீட்டர் முள் சட்டென்று எகிறிவிட்டுக் கீழே வருவது இதனால்தான்.

ஸ்லைடு 3: படத்தைச் சுருக்குவது

TL-ஐ இப்போதைக்குப் பூஜ்யம் ஆக்குவோம். மேல் பாதையில் இருப்பதைப் பெருக்கினால் G, கீழே H. G/(1+GH) என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வீர்கள். அது எங்கிருந்து வருகிறது என்று மூன்றே வரியில் எழுதிவிடலாம். வட்டத்திலிருந்து வெளியே வரும் சிக்னலுக்கு E என்று பெயர் வையுங்கள்:

```
E = Va − H ω
ω = G E = G Va − G H ω
ω / Va = G / (1 + G H)
```

வட்டத்தில் கழித்தல் இருப்பதால்தான் கீழே கூட்டல் வந்தது. பாசிட்டிவ் ஃபீட்பேக் என்றால் 1 − GH. தேர்வில் குறி மாறிப் போகும் இடம் இது, அதனால்தான் மூன்று வரியையும் எழுதச் சொல்கிறேன்.

மோட்டாருக்குப் போட்டால் டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன், அதாவது வெளியீட்டுக்கும் உள்ளீட்டுக்கும் உள்ள விகிதம், இப்படி வரும்:

```
ω/Va = K / [ (L s + R)(J s + B) + K² ]
     = 0.05 / (2e-7 s² + 2.002e-4 s + 0.0027)
```

டேக்-ஆஃப் பாயிண்டை முன்னே நகர்த்துவது, பின்னே நகர்த்துவது என்று விதிப் பட்டியல் ஒன்று இருக்கிறது. படியுங்கள், கேள்வி வரும். ஆனால் விதி மறந்துபோனால் பதற வேண்டாம். ஒவ்வொரு அம்புக்கும் ஒரு எழுத்து போட்டுச் சமன்பாடு எழுதினால் அதே விடைதான் வரும். படம் என்பது சமன்பாடுகளின் இன்னொரு வடிவம், அதற்கு மேல் அதில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

ஸ்லைடு 4: இந்த ஃபங்ஷன் என்ன சொல்கிறது

முதலில் s = 0 போடுங்கள். 0.05/0.0027 = 18.5. ஒரு வோல்ட்டுக்கு 18.5 ரேடியன்/விநாடி. 12-ஆல் பெருக்கினால் முன்பு சொன்ன 222. டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனுக்கும் அலகு உண்டு என்பதை மறக்காதீர்கள். அலகு பொருந்தாவிட்டால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது.

அப்புறம் பகுதியைப் பூஜ்யமாக்குங்கள்: s² + 1001 s + 13500 = 0. போல்கள் −13.7, −987. இரண்டும் இடப்பக்கம், அதனால் ஸ்டேபிள். −987 என்பது ஏறக்குறைய 1 மில்லி விநாடியில் அடங்கிவிடும், அது L/R. −13.7 அடங்க அதன் டைம் கான்ஸ்டன்ட்டே 73 மில்லி விநாடி. நாம் கண்ணால் பார்ப்பது இந்த மெதுவான போலைத்தான். அதனால் L-ஐ விட்டுவிட்டு முதல் ஆர்டராக எழுதுவது வழக்கம்:

```
ω/Va ≈ 18.5 / (0.074 s + 1)
```

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பேக் ஈ.எம்.எஃப். லூப் இல்லாமல் இருந்திருந்தால் டைம் கான்ஸ்டன்ட் J/B, அதாவது முழு 1 விநாடி. கெயின் K/(RB) = 250. லூப் கெயின், அதாவது s = 0-வில் GH, 12.5. 1 + 12.5 = 13.5. கெயினும் டைம் கான்ஸ்டன்ட்டும் இரண்டுமே 13.5-ஆல் வகுபட்டு 18.5 ஆகவும் 0.074 ஆகவும் ஆகின்றன. ஃபீட்பேக் கெயினை எடுத்துக்கொண்டு வேகத்தைத் தருகிறது என்பது இந்த இரண்டு எண்ணிலும் அப்படியே தெரிகிறது. இந்தப் பேப்பரிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

லோடு டார்க்? Va-ஐப் பூஜ்யமாக்கி TL-லிருந்து ω வரைக்கும் இதே வழியில் போங்கள். கீழே அதே பகுதி, மேலே −(Ls+R). s = 0-வில் −741. 0.01 நியூட்டன் மீட்டர் லோடு ஏற்றினால் வேகம் 7.4 ரேடியன்/விநாடி குறையும். இரண்டு விளைவையும் கூட்டிக்கொள்ளலாம், சிஸ்டம் லீனியர் என்பதால்.

ஸ்லைடு 5: பெருக்கக் கூடாத இடம்

இது மோட்டார் இல்லை, ஒரு சின்னக் கிளைக்கதை. 1 கிலோ ஓம், 1 மைக்ரோ ஃபாரட் கொண்ட ஆர்.சி. சர்க்யூட் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்திருக்கிறேன். ஒவ்வொன்றும் 1/(RCs+1). இரண்டு பெட்டியை வரிசையாக வரைந்து பெருக்கிவிடலாமா? கூடாது. இரண்டாவது சர்க்யூட் முதலாவதிலிருந்து மின்னோட்டம் இழுக்கிறது. சரியான விடை:

```
1 / (R²C² s² + 3 R C s + 1)
```

பெருக்கியிருந்தால் நடுவில் 2 வரும், இரண்டு போலும் −1000-இல் இருக்கும். உண்மையில் அவை −382, −2618. நடுவில் ஒரு ஆப்-ஆம்ப் பஃபர் வைத்தால் பெருக்கல் சரியாகிவிடும். முதல் ஸ்லைடில் சொன்ன அதே விதிதான் இது. பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைப் பாதிக்கிறது, அதற்கான அம்பை நாம் வரையாமல் விட்டோம். மோட்டாரில் அந்த அம்பை Eb என்று வரைந்தோம், அதனால் அங்கே விடை சரியாக வந்தது.

ஸ்லைடு 6: கன்ட்ரோலர் சேர்த்த பிறகு

இப்போது வெளியே நாமே ஒரு லூப் போடுகிறோம். வேகத்தை அளந்து, வேண்டிய வேகத்திலிருந்து கழித்து, வித்தியாசத்தை Kp-ஆல் பெருக்கி Va ஆகக் கொடுக்கிறோம். சென்சாரின் கெயின் 1 என்று வையுங்கள். உள்ளே இருக்கும் பேக் ஈ.எம்.எஃப். லூப்பை மீண்டும் வரைய வேண்டாம், அதைத்தான் ஏற்கனவே ஒரே பெட்டியாகச் சுருக்கிவிட்டோமே.

Kp = 0.5 என்றால் லூப் கெயின் 9.26. நிலையான வேகம் கேட்டதில் 9.26/10.26, அதாவது 90 சதவீதம். பத்து சதவீதப் பிழை நிற்கும். டைம் கான்ஸ்டன்ட் 74-லிருந்து ஏறக்குறைய 7 மில்லி விநாடிக்கு இறங்கும். பிழை பிடிக்கவில்லை என்று Kp-ஐ 5 ஆக்கினால் பிழை ஒரு சதவீதத்துக்கு வந்துவிடும். முதல் ஆர்டர் மாடல் சொல்கிறது: டைம் கான்ஸ்டன்ட் 0.8 மில்லி விநாடி, ஓவர்ஷூட் கிடையாது.

இந்த 0.8-ஐப் பார்த்ததும் உங்களுக்குச் சந்தேகம் வர வேண்டும். L/R 1 மில்லி விநாடி. நாம் "வேகமாக அடங்கிவிடும்" என்று விட்டுவிட்ட போலை விட வேகமான ஒன்றைப் பேசிக்கொண்டிருக்கிறோம். L-ஐத் திரும்பக் கொண்டுவந்து எழுதினால்:

```
s² + 1001 s + 13500 (1 + 92.6) = 0
ωn ≈ 1124 rad/s,  ζ ≈ 0.445
```

ஸ்டெப் கொடுத்தால் ஓவர்ஷூட் ஏறக்குறைய 21 சதவீதம். ஆக, L-ஐ விடலாமா கூடாதா என்பது மோட்டாரை மட்டும் பார்த்துச் சொல்கிற பதில் இல்லை, எவ்வளவு வேகம் கேட்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. Kp = 5-இல் 100 ரேடியன்/விநாடி ஸ்டெப் கொடுத்தால் ஸ்டெப் வந்த அந்தக் கணத்தில் கன்ட்ரோலர் 500 வோல்ட் கேட்கும். நம்மிடம் இருப்பது 12. சப்ளை அங்கே முட்டி நிற்கும், டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷனில் அந்த வரம்புக்கு இடமே கிடையாது. 2 ரேடியன்/விநாடி ஸ்டெப் என்றால் 10 வோல்ட், இந்தக் கணக்கு செல்லும். அடுத்த லேபில் சின்ன ஸ்டெப், பெரிய ஸ்டெப் இரண்டையும் கொடுத்து ஸ்கோப்பில் பிடியுங்கள். 21 சதவீதம் எதில் வருகிறது, எதில் வரவில்லை என்று ரெக்கார்டில் எழுத வேண்டும். கேள்வி இருந்தால் இப்போதே கேளுங்கள்.