கடிகாரமும் நிழலும்: டீச்சருக்கு ஒரு பழைய மாணவியின் பேச்சு

எல்லோருக்கும் வணக்கம். மேடையில் இருக்கும் தலைமையாசிரியர் அவர்களுக்கும், ஊர்ப் பெரியவர்களுக்கும், முன்னால் உட்கார்ந்திருக்கும் என் கூட்டாளிகளுக்கும், அப்புறம் இத்தனை சால்வைகளுக்கு நடுவே முகம் மட்டும் தெரிகிற எங்கள் டீச்சருக்கும் வணக்கம்.

டீச்சரின் அன்பைப் பற்றியும் பொறுமையைப் பற்றியும் எனக்கு முன்னால் பேசியவர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். அன்பு சரி. பொறுமை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. டீச்சர் போர்டில் எழுதினால் முதல் பெஞ்சுக்கே புரியாது. "என்ன டீச்சர் எழுதியிருக்கீங்க?" என்று கேட்டால், "கண்ணு தெரியலையா, உங்கப்பாவை வரச் சொல்லு, கண்ணாடி வாங்கித் தரட்டும்" என்பார்கள். மதுரையிலிருந்து வரும் பஸ் தாமதமான நாட்களில் முதல் பீரியடில் யாரும் மூச்சுவிட முடியாது. இதையெல்லாம் மறைத்துப் பாராட்டினால், "யாரைப் பத்திப் பேசுற?" என்று டீச்சரே கேட்டுவிடுவார்கள்.

எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். அதில் ஒரே ஒரு பாடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2004 ஜூனில் நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது தொடங்கிய பாடம் அது. முடிய அடுத்த பிப்ரவரி ஆனது.

பாடப்புத்தகத்தில் புதிதாக ஒன்றும் இல்லை. சூரியன் உச்சிக்கு வரும்போது நிழல் மிகவும் குட்டையாக இருக்கும், அதுதான் நண்பகல். டீச்சர் கேட்டார்கள்: "நம்ம மேலூர்ல நண்பகல் எத்தனை மணிக்கு?" வகுப்பே சேர்ந்து "பன்னிரண்டு மணி டீச்சர்!" என்று கத்தியது. "யாரு பார்த்தா?" என்றார்கள். யாரும் பார்க்கவில்லை. "சரி, வெளியே வாங்க."

மைதானத்தில் ஒரு சவுக்குக் கம்பை நட்டோம். அது நேராக நிற்கிறதா என்று பார்க்க, கொத்தனார் மகன் ஒருவன் வீட்டிலிருந்து தூக்குக்குண்டு கொண்டுவந்தான். நிழலின் நுனி தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கம்பின் தலையில் ஓர் ஆணி. நிழல் எப்போது மிகக் குட்டையாகிறது என்று வெறும் கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். உச்சி வேளையில் அது நகர்வதே தெரியாது. அதற்கு டீச்சர் ஒரு வழி சொன்னார்கள். காலையில் நிழலின் நுனி எங்கே இருக்கிறதோ, அந்த நீளத்துக்குக் கம்பைச் சுற்றிக் கயிறு பிடித்து ஒரு வட்டம் போட வேண்டும். நிழல் குறுகி உள்ளே போகும், பிறகு நீண்டு மறுபக்கம் அதே வட்டத்தை வந்து தொடும். இரண்டு நேரத்தையும் குறித்துக்கொண்டு நடுவில் உள்ள நேரத்தை எடுத்தால் அதுதான் உச்சி. இந்த நாட்டில் சங்கு என்கிற கம்பை நட்டுத் திசை பார்த்தவர்கள் காலம் காலமாகச் செய்த வேலைதான். எங்களுக்கு அது வகுப்பிலிருந்து தப்பிக்க ஒரு வழியாக இருந்தது, அவ்வளவுதான்.

கடிகாரம் டீச்சருடையது. காலையில் ஆகாசவாணி செய்திக்கு முன் வரும் பீப் சத்தத்துக்குச் சரிசெய்து கட்டிக்கொண்டு வருவார்கள். முதல் நாள் நிழல் வட்டத்தைத் தொட்டது 11.02-க்கு. திரும்ப வந்து தொட்டது 1.32-க்கு. நடுவில் கணக்குப் பார்த்தால் 12.17.

கம்பு சாய்ந்திருக்கும் என்றான் ஒருவன். வாட்ச் ஓடவில்லை என்றாள் இன்னொருத்தி. மறுநாளும் பார்த்தோம், அதே 12.17. அப்போதுதான் டீச்சர் சொன்னார்கள்: நம் கையில் ஓடுவது மேலூர் நேரம் இல்லை. 82½ பாகை கிழக்குத் தீர்க்கக் கோட்டை வைத்து நாடு முழுவதற்கும் ஒரே நேரம். அந்தக் கோடு வடக்கே உத்தரப் பிரதேசத்தில் மிர்சாப்பூர் பக்கம் போகிறது. நாம் அதற்கு நான்கு பாகைக்குக் கொஞ்சம் கூடவே மேற்கே இருக்கிறோம். பூமி ஒரு பாகை சுற்ற நான்கு நிமிடம். அதனால் மிர்சாப்பூரில் உச்சிக்கு வந்த சூரியன் மேலூர் உச்சிக்கு வர இன்னும் பதினாறு பதினேழு நிமிடம் ஆகும்.

எங்களுக்கு ஒரே சந்தோஷம். கேள்வி கேட்டோம், பதில் வந்துவிட்டது, பாடம் முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் டீச்சர் கம்பைப் பிடுங்க விடவில்லை. "மாசத்துக்கு ஒரு தடவை பாருங்க" என்றார்கள்.

ஜூலை கடைசியில் 12.23 வந்தது.

இந்த இடத்தில் ஒரு நண்பனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான். அன்றைக்கு நோட்டு அவனிடம் இருந்தது. 17 வர வேண்டிய இடத்தில் 23 வந்ததும், அந்தக் கொத்தனார் மகனோடு சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, பேசாமல் ரப்பரை எடுத்து அழித்து 12.17 என்று எழுதிவிட்டான். டீச்சர் நோட்டை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்கள். காகிதம் அந்த இடத்தில் பஞ்சு பஞ்சாக இருந்தது.

அடி விழும் என்று எல்லோரும் காத்திருந்தோம். டீச்சர் அவனைப் பார்த்து, "டேய், நீ நோட்டுல என்ன எழுதியிருக்கேன்னு சூரியனுக்குத் தெரியாதுடா" என்றார்கள். வகுப்பே சிரித்தது, அவனும் சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் டீச்சர் சொன்னதுதான் இன்றைக்கு வரை என்னோடு இருக்கிறது. "ஒத்து வராத நம்பரை அழிக்காதீங்க. அதைச் சுத்தி ஒரு வட்டம் போட்டு வைங்க. ஏன் வந்துச்சுன்னு எனக்கும் இப்பத் தெரியல. தெரியுற வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும்."

"எனக்கும் தெரியல" என்று ஒரு டீச்சர் வகுப்பில் சொல்லி அதுவரை நாங்கள் கேட்டதே இல்லை. எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு அதை நம்ப முடியவில்லை. டீச்சர் தெரிந்துகொண்டே விளையாடுகிறார்கள் என்று நினைத்தோம். இல்லை, நிஜமாகவே தெரியாது என்று ரொம்ப நாள் கழித்து டீச்சரே என்னிடம் சொன்னார்கள்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு நாள் உச்சியில் கம்புக்கு நிழலே இல்லை. அதுவரை தெற்கே விழுந்துகொண்டிருந்த நிழல் அதற்குப் பிறகு வடக்கே விழ ஆரம்பித்தது. அந்தக் கூத்தைச் சொல்லப் போனால் ஐந்து நிமிடம் போதாது. நேரத்துக்கு வருகிறேன். செப்டம்பர் நடுவில் 12.12. அக்டோபர் நடுவில் 12.02. நவம்பர் முதல் வாரத்தில் மழைக்கு நடுவே ஒரே ஒரு நாள் நல்ல வெயில் கிடைத்தது. 11.05, 12.55. நடுவில் சரியாகப் பன்னிரண்டு!

நாங்கள் போட்ட ஆட்டம் டீச்சருக்கு ஞாபகம் இருக்கும். புத்தகம் சொன்னது சரியாகிவிட்டது, சூரியன் திருந்திவிட்டது என்று கத்தினோம். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. "இந்தப் பன்னிரண்டைச் சுத்தியும் வட்டம் போடுங்க. இதுவும் 17-ஓட ஒத்து வரலயே" என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்த இடம்தான். நமக்குப் பிடிக்காத எண்ணைச் சந்தேகப்படுவது சுலபம். ஆசைப்பட்ட எண்ணே வந்து நிற்கும்போது யார் சந்தேகப்படுவார்கள்?

டிசம்பரில் 12.12-க்குத் திரும்பியது. ஜனவரியில் 12.26. பிப்ரவரி நடுவில் 12.31. அதற்குள் டீச்சர் மதுரையில் நூலகம் நூலகமாக அலைந்து விடை கொண்டுவந்துவிட்டார்கள். பூமி சூரியனை முழு வட்டமாகச் சுற்றுவதில்லை. ஜனவரியில் கொஞ்சம் கிட்டே வந்து வேகமாக ஓடுகிறது, ஜூலையில் தள்ளிப்போய் மெதுவாக. அச்சு வேறு 23½ பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து, ஒரே வேகத்தில் ஓடுகிற கடிகாரத்தைவிடச் சூரியன் நவம்பரில் பதினாறு நிமிடம் முந்துகிறது, பிப்ரவரியில் பதினான்கு நிமிடம் பிந்துகிறது. மிர்சாப்பூர் கணக்கில் நமக்கு வரும் 17-ல் இதைக் கழித்துக் கூட்டினால், நோட்டில் வட்டம் போட்டு வைத்திருந்த எண் ஒவ்வொன்றும் தன் இடத்தில் போய் உட்கார்ந்தது. பழைய பேப்பர் கட்டிய அந்த நோட்டில் ஒரே ஓர் இடம்தான் கணக்குக்கு வரவில்லை. ரப்பர் போட்ட ஜூலை. (சிரிக்காதேடா.) நல்லவேளையாக எனக்கு 23 ஞாபகம் இருந்தது.

நான் இப்போது அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியன். டெங்கு சீசனில் காலையில் போனால் பிளேட்லெட் எண்ண வந்த சாம்பிள்கள் தட்டுத் தட்டாக நிற்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு அக்காவின் ரத்தத்தில் மெஷின் 28,000 காட்டியது. ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டியது. காய்ச்சல் இருக்கிறது, சீசனும் டெங்கு சீசன், எண்ணும் அதற்கு ஒத்து வருகிறது. அப்படியே எழுதி அனுப்பினால் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வார்டில் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த அக்காவோ காய்ச்சல் விட்டு, வார்டில் நடந்துபோய் டீ வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். ஈறில் கசிவு இல்லை, தோலில் ஒரு சிவப்புப் புள்ளி இல்லை.

அந்த 28,000-ஐச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டேன். ஒரு சொட்டு ரத்தத்தை ஸ்லைடில் மெல்லிசாகத் தேய்த்து ஸ்மியர் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஸ்லைடின் ஓரத்தில் பிளேட்லெட்டுகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மருந்து இருக்கும். சிலருடைய ரத்தத்தில் அந்த மருந்தே பிளேட்லெட்டுகளை ஒட்ட வைத்துவிடும். மெஷின் ஒரு கொத்தைப் பிளேட்லெட்டாகவே எண்ணாது. வேறு மருந்து உள்ள நீல மூடிக் குழாயில் திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்தோம். ஒரு லட்சத்து எழுபதாயிரத்தைத் தாண்டியது. அந்த அக்கா அடுத்த நாள் வீட்டுக்குப் போனார்.

இது என் சாமர்த்தியம் இல்லை. லேப் படிப்பிலேயே இருக்கிறது, என்னோடு படித்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் வரிசை நீளமாக நிற்கிற காலை வேளையில், ஒத்து வருகிற எண்ணை நிறுத்திவைத்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு அந்த நவம்பர் வெயிலில் வந்தது. டீச்சர், நீங்கள் அன்றைக்கு எங்களோடு சேர்ந்து கைதட்டியிருந்தால் எனக்கு இது வந்திருக்காது.

கடைசியாக ஒரு விஷயம். எங்கள் செட்டில் எல்லோரும் சேர்ந்து டீச்சருக்குத் தங்க மோதிரம் போடலாம் என்று முடிவு பண்ணினோம். டீச்சர் போனிலேயே திட்டிவிட்டார்கள். அதனால் அந்தப் பணத்தில் மைதானத்தின் கிழக்கு மூலையில் சிமென்ட் மேடை கட்டி, ஒரு மீட்டர் உயரத்துக்கு இரும்புக் கம்பி நட்டுத் தருகிறோம். தலைமையாசிரியர் இடம் கொடுத்துவிட்டார். கம்பியை நேராக நிறுத்துவது அந்தக் கொத்தனார் மகனின் பொறுப்பு, அவரே இப்போது கொத்தனார். இந்த வருட ஒன்பதாம் வகுப்பு ஜூனிலேயே ஆரம்பிக்கலாம். விடையை மட்டும் யாரும் அவர்களிடம் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்துப் பேச ஆள் காத்திருக்கிறார்கள், டீச்சரும் வாட்சைப் பார்க்கிறார்கள். நன்றி. வணக்கம்.