குடோன் காலி செய்கிறோம்: இந்த சனி, ஞாயிறு மட்டும்

திருச்சி உறையூரில் இருக்கும் எங்கள் குடோனை இந்த மாதக் கடைசியில் வீட்டுக்காரரிடம் ஒப்படைக்க வேண்டும். அதனால் உள்ளே இருக்கும் பழைய சாமான் எல்லாவற்றையும் ஜூன் 13, 14 இரண்டு நாளும் குறைந்த விலைக்குக் கொடுக்கிறோம். காலை 9 முதல் இரவு 7 வரை. எதில் என்ன குறை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம், வந்து பார்த்து ஏமாற வேண்டாம்.

ஊஞ்சல் பலகை, ₹14,000. ஸ்ரீரங்கத்தில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது வாங்கியது. 5 அடி நீளம், ஒன்றே முக்கால் அடி அகலம், ஒட்டுப் போடாத ஒரே தேக்குப் பலகை. இந்த அகலத்தில் இப்போது கிடைப்பது கஷ்டம். ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு வெடிப்பு இருக்கிறது, மேலோடு நிற்கிறது, அடிப்பக்கம் இறங்கவில்லை. சங்கிலி இரும்புதான், பித்தளை இல்லை. ஒரு கொக்கி நன்றாகத் தேய்ந்துவிட்டது. அதை மாற்றாமல் தயவுசெய்து மாட்டாதீர்கள், பிள்ளைகள் ஏறி ஆடுவார்கள்.

தேக்குக் கட்டில், ஆறேகால் அடிக்கு 5 அடி, ₹9,500. கால், சட்டம் எல்லாம் கெட்டி. நடுப்பலகை மட்டும் ப்ளைவுட், நாங்கள் மாற்றியது. தலைமாட்டில் எண்ணெய்க் கறை. பாலிஷ் போட்டால் மங்கும், முழுசாகப் போகாது.

இரும்பு பீரோ, ₹6,000. கண்ணாடி நன்றாக இருக்கிறது, அடித்தட்டில் துரு. லாக்கருக்கு ஒரே சாவிதான், முதல் வேலையாக இன்னொன்று அடித்துக்கொள்ளுங்கள்.

பிரம்பு நாற்காலி நான்கு. பின்னல் சரியாக உள்ள இரண்டும் தலா ₹1,200. கிழிந்த இரண்டும் தலா ₹700, பின்னுகிற கூலி உங்களுடையது.

கம்ப்யூட்டர் டேபிள், புத்தக ஷெல்ஃப் எல்லாம் ₹300 முதல். ஈரம் பட்டுக் கால் உப்பியிருக்கிறது. வாடகை வீட்டில் ஓரிரண்டு வருடம் ஓட்டலாம், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். வண்டு அரித்து மாவு கொட்டிய அலமாரி ஒன்றும் இருந்தது. உங்கள் வீட்டு மரத்துக்கும் பரவும் என்பதால் அதை விற்பனைக்கே வைக்கவில்லை.

அப்புறம், எடுத்துப்போகும் விஷயம். வருவதற்கு முன்னால் உங்கள் வாசல்படி அகலத்தையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளந்துகொண்டு வாருங்கள். போன மாதம் ஒரு பீரோ மாடி ஏறாமல் திரும்பி வந்தது, அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். நேரில் பார்த்து, தட்டி, உட்கார்ந்து, இழுப்பறையை இழுத்துப் பார்த்து வாங்குங்கள். வாங்கியதைத் திருப்பி எடுக்க எங்களுக்கு இடம் இருக்காது. பாதிப் பணம் கொடுத்தால் உங்கள் பெயர் எழுதி ஒதுக்கிவைப்போம். ரொக்கமோ ஜிபேயோ எதுவானாலும் சரி. போட்டோவைப் பார்த்துப் போனில் ஒதுக்கச் சொன்னால் முடியாது, நேரில் வருகிறவர்களுக்குத்தான் முதலில்.

ஜூன் 17 புதன் மாலை 6 மணிக்குள் எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம். வண்டி உங்களுடையது. குட்டி யானை கேட் வரைக்கும் வரும், பெரிய லாரி தெருவுக்குள் திரும்பாது. கட்டிலைக் கழற்றித் தருவோம், ஏற்றிவிட எங்கள் ஆட்கள் இரண்டு பேர் இருப்பார்கள், அதற்குக் காசு வேண்டாம். உங்கள் வீட்டில் இறக்க ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். கயிறும் இரண்டு பழைய போர்வையும் கொண்டுவந்தால் சாமானில் கீறல் விழாது.

மேப் புரொஃபைலில் இருக்கிறது. நீல ஷட்டர், வாசலில் வேப்பமரம்.